வெள்ளிப் பட்டையைச் சுரண்டினால் என்ன தெரியும்? பொருள் அசலா என்று பார்க்கும் எண்கள் வேலை செய்யும் விதம்

புரோட்டீன் பவுடர் டப்பாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் வெள்ளி நிறப் பட்டை ஒன்று, பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு. வாங்கியவர் போனைக் காட்டி ஸ்கேன் செய்கிறார், திரையில் பச்சை டிக் வருகிறது, "ஒரிஜினல்தான்" என்று டப்பாவைத் திறந்துவிடுகிறார். மாத்திரை அட்டையை ஸ்கேன் செய்பவரும் இதையேதான் செய்கிறார்.

அந்தப் பச்சை டிக் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் பெரும் குழப்பம் இருக்கிறது. "ஸ்கேன் ஆகுதுல்ல, அப்ப அசல்தான்" என்பவர்கள் ஒரு பக்கம். "இதெல்லாம் யாரு வேணாலும் அச்சடிக்கலாம், சும்மா கண்துடைப்பு" என்பவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் செய்வது ஒரே பிழை. ஸ்டிக்கரைத்தான் சான்று என்று நினைக்கிறார்கள். உண்மையில் சான்று ஸ்டிக்கரில் இல்லை.

டிக்கெட்டும் சார்ட்டும்

ரயிலில் முன்பதிவு டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனாலும் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பத்துப் பேர் ஒரே படுக்கையில் பயணம் செய்ய முடிவதில்லை. காரணம், டிடிஇ காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை, தன் கையில் உள்ள சார்ட்டையும் பார்க்கிறார். எஸ்4 பெட்டியில் 37-ம் எண் ஒருவருக்குத்தான். அதே எண்ணோடு இரண்டாவது ஆள் வந்து நின்றால், இருவரில் ஒருவர் பொய் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பொருளின் மேல் உள்ள எண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு டப்பாவுக்கும் வேறு எந்த டப்பாவுக்கும் தராத ஓர் எண்ணைத் தயாரிப்பாளர் தருகிறார். இதை வரிசை எண் என்போம். வரிசை எண் என்றதும் 1, 2, 3 என்று போவதாக நினைக்க வேண்டாம். யாரும் ஊகிக்க முடியாதபடி கலைத்துப் போட்ட எண்ணாக அது இருக்கும். கொடுத்த எண்கள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் ஒரு பதிவேடாக இருக்கும். எந்த எண் எந்தப் பொருளுக்கு, எந்த பேட்சுக்கு, இதுவரை எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள் என்பது வரை அதில் உண்டு. ஸ்டிக்கர் டிக்கெட் என்றால், பதிவேடுதான் சார்ட்.

ஆகவே "ஸ்கேன் ஆனது" என்பதற்குப் பொருள், கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் கேமரா வாசித்துவிட்டது என்பது மட்டும்தான். க்யூஆர் கோடு யார் வேண்டுமானாலும் இலவசமாக உருவாக்கக்கூடிய ஒன்று. அதை வாசித்த பிறகு போன் யாரிடம் போய்க் கேட்டது, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரீசார்ஜ் கார்டில் இருந்த தந்திரம்

பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கார்டில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. சுரண்டும்வரை எண்ணை யாராலும் பார்க்க முடியாது. ஒருமுறை பயன்படுத்திவிட்டால் எண் செத்துவிடும். கடையில் சுரண்டிய கார்டை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். விளக்கம் சொல்லித் தர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொருள்களின் ஸ்க்ராட்ச் எண் இதே யோசனைதான். அச்சிட்ட எண்ணின் மேல் வழுவழுப்பான, ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்று. அதன் மேல் சுரண்டினால் துகளாக உதிரும் வெள்ளி நிற மை. நடுவில் உள்ள பூச்சு எண்ணைக் காப்பாற்றும், மேலே உள்ள மை மறைக்கும். ரீசார்ஜ் கார்டிலிருந்து ஒரே வேறுபாடு, இங்கே எண் சாவதில்லை. இரண்டாவது முறை கேட்டால் "இது ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது" என்று பதில் வரும்.

போலி மருந்துப் பிரச்சினையை எதிர்கொள்ள நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக் 2010-ல் இந்த முறையைக் கொண்டுவந்தது. சுரண்டிக் கிடைக்கும் எண்ணைக் கட்டணமில்லாத எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் பதில் வரும். ஸ்மார்ட்போன் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. சாதாரண பட்டன் போன் போதும் என்பதுதான் அதன் பலம்.

எண்ணை ஊகித்து அடிக்க முடியாதா என்ற கேள்வி வரலாம். 12 இலக்க எண் என்றால் ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். நிறுவனம் ஒரு கோடி டப்பாக்களுக்கு எண் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எழுதினால் அது பதிவேட்டில் இருக்கும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று. அதனால் போலி செய்பவர் எண்ணைக் கற்பனை செய்வதில்லை, அசலிலிருந்து நகல் எடுக்கிறார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண், நிறுவனத்திடம் பதிவேடு, எண்ணை மறைக்க ஒரு பட்டை. அடுத்து, அந்தப் பட்டையால் ஆகும் பயனைப் பார்ப்போம்.

போலி செய்பவரின் கணக்கு

வெளியே தெரியும் க்யூஆர் கோடு மட்டும் இருந்தால், நகல் எடுக்க அவருக்குச் செலவே இல்லை. கடைக்குப் போய் அடுக்கில் இருக்கும் இருபது டப்பாக்களைப் போனில் படம் எடுத்தால் இருபது அசல் எண்கள் கிடைத்துவிடும். எண் மறைந்திருந்தால் அது நடக்காது. ஓர் எண் வேண்டுமென்றால் ஓர் அசல் டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிச் சுரண்ட வேண்டும். வெள்ளிப் பட்டை நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு நகலுக்கும் ஒரு விலை வைக்கிறது. இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஓர் அசல் டப்பாவை வாங்கி, அதன் எண்ணை 1,000 போலி ஸ்டிக்கர்களில் அச்சிட்டு, மேலே வெள்ளிப் பட்டையும் பூசிவிடுகிறார். வாங்குபவர்களில் 20-க்கு ஒருவர்தான் சரிபார்க்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 50 பேர் சரிபார்ப்பார்கள். முதலில் கேட்டவருக்கு "அசல்" என்று பதில் வரும், மீதி 49 பேருக்கும் எச்சரிக்கை வரும். ஒரே எண்ணை மதுரையிலும் சேலத்திலும் ஓசூரிலும் கேட்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கும் தெரிந்துவிடும். ஆள் மாட்டிக்கொள்வார்.

இப்போது அவர் கொஞ்சம் செலவு செய்கிறார். 100 அசல் டப்பாக்களை வாங்கி, ஓர் எண்ணுக்குப் பத்து நகல் வீதம் அதே 1,000 ஸ்டிக்கர் அடிக்கிறார். சரிபார்ப்பவர்கள் அதே 50 பேர்தான். ஆனால் அவர்கள் 100 எண்களில் சிதறிவிடுகிறார்கள். கணக்கிட்டால், ஏறத்தாழ 40 பேருக்குத் தங்கள் எண்ணை முதலில் கேட்டவர் என்ற முறையில் "அசல்" என்றே பதில் வரும். எச்சரிக்கை கிடைப்பது 10 பேருக்குத்தான். கையில் இருப்பது போலி, திரையில் இருப்பது பச்சை டிக்.

இதைப் படித்துவிட்டு முறையே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். 20-க்கு ஒருவர் என்பதற்குப் பதில் இரண்டு பேரில் ஒருவர் சரிபார்த்திருந்தால், அதே 1,000 டப்பாக்களில் 500 கேள்விகள் வந்திருக்கும். அவற்றில் "முதல் முறை" என்று பதில் பெறக்கூடியவர்கள் அதிகபட்சம் 100 பேர், மீதி 400 பேருக்கு எச்சரிக்கை. ஒருவர் செய்யும் சரிபார்ப்பு அடுத்தவருக்குப் பாதுகாப்பாகிறது. அசல் பொருளை வாங்கியவர் "நமக்குத்தான் தெரியுமே" என்று சுரண்டாமல் விடுவதும் போலிக்காரருக்குச் செய்யும் உதவிதான். அந்த எண் பதிவேட்டில் கன்னி எண்ணாகவே காத்திருக்கும்.

மாத்திரை அட்டையின் க்யூஆர் வேறு வகை

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 மருந்து பிராண்டுகளின் மேல் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்து விதிகளில் எச்2 என்ற அட்டவணையில் இந்தப் பட்டியல் இருக்கிறது. டோலோ, கால்பால், அலெக்ரா போன்று வீட்டில் புழங்கும் பெயர்கள் அதில் உண்டு. கோடில் இருக்க வேண்டியவை: தயாரிப்பின் அடையாள எண், மருந்தின் பொதுப்பெயர், பிராண்டு பெயர், தயாரிப்பாளர் பெயர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உற்பத்தி உரிம எண்.

பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியாக ஒரு வரிசை எண் வேண்டும் என்று அதில் இல்லை. பேட்ச் என்பது ஒரே சமயத்தில் தயாரான மொத்தச் சரக்கு, அதில் ஆயிரக்கணக்கான அட்டைகள் இருக்கும். பேட்ச் விவரத்தை மட்டும் சொல்லும் கோடு அத்தனை அட்டையிலும் ஒன்றுபோலவே இருக்கலாம். அதை அப்படியே நகலெடுத்துப் போலி அட்டையில் ஒட்டினால், ஸ்கேன் செய்பவருக்குச் சரியான விவரமே வரும். மறைப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை, "ஏற்கெனவே கேட்டாயிற்று" என்ற பதிலும் இல்லை.

அப்படியானால் அது எதற்கு? அவசரத்தில் செய்த போலிகளைப் பிடிக்க உதவும். அச்சிட்ட காலாவதி தேதியைத் திருத்தியிருந்தால், கோடில் உள்ள தேதியோடு அது ஒத்துப்போகாது. ஒரு பேட்சின் கோடை எல்லாப் பேட்சிலும் ஒட்டியிருந்தால் பேட்ச் எண் இடிக்கும். இதைப் பிடிக்கக் கோடை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, திரையில் வந்ததையும் அட்டையில் உள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித்தான் தருவார்கள். கோடு மீதித் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். அப்போது வெட்டும் முன்பே முழு அட்டையையும் ஸ்கேன் செய்துகொள்ளக் கேட்கலாம், கடைக்காரர் மறுக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் உள்ள முறை இதற்கு நேரெதிர். மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. அங்குள்ள பெட்டியில் இருக்கும் சதுரக் கோடை வாசித்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
(01)08901234567890(17)270331(10)AB1234(21)7K2M9Q4X1
```

இது மாதிரிக்காக எழுதியது. அடைப்புக்குள் இருப்பவை அடுத்து வருவது என்ன என்று சொல்லும் குறிகள். 01 என்றால் பொருளின் எண், 17 காலாவதி (2027 மார்ச் 31), 10 பேட்ச், 21 வரிசை எண். கடைசியில் உள்ள இந்த 21-தான் டிக்கெட் எண். மருந்துக்கடைக்காரர் பெட்டியைக் கொடுக்கும்போது ஸ்கேன் செய்து அந்த எண்ணைப் பதிவேட்டிலிருந்து கழித்துவிடுவார். அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வேறெந்தக் கடையில் வந்தாலும் மணி அடித்துவிடும். வாங்குபவர் எதையும் சுரண்ட வேண்டாம். டிடிஇ வேலையைக் கடையே செய்துவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கோடு மறைவானதா, ஒவ்வொரு பொருளுக்கும் தனியானதா, யார் அதை எண்ணுகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்த பிறகே பச்சை டிக்குக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று சொல்ல முடியும்.

சரிபார்க்கும்போது

காசு கொடுக்கும் முன்பு ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பாருங்கள். பட்டை கீறாமல் இருக்க வேண்டும். ஓரங்கள் தூக்கியிருந்தாலோ, கீழே பழைய பசையின் தடம் தெரிந்தாலோ, ஸ்டிக்கர் வேறிடத்திலிருந்து பெயர்த்து ஒட்டியது என்று சந்தேகிக்கலாம். மூடியும் டப்பாவும் சேரும் இடத்தின் குறுக்கே ஒட்டிய ஸ்டிக்கர் நல்லது, ஏனென்றால் அதைக் கிழிக்காமல் திறக்க முடியாது.

சுரண்ட விரல் நகம் போதும். நாணயத்தின் விளிம்பை அழுத்தித் தேய்த்தால் நடுப்பூச்சும் சேர்ந்து போய் எண் அழிந்துவிடும். சுரண்டியதும், எதையும் டைப் செய்யும் முன், எண்ணைத் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டியது: எங்கே கேட்கிறோம் என்பது. போலி செய்பவருக்கு எண்ணை நகலெடுப்பதைவிட எளிய வழி, தானே ஒரு வெப்சைட் வைத்து, எந்த எண்ணைப் போட்டாலும் "அசல்" என்று சொல்லவைப்பது. ஸ்டிக்கரில் உள்ள க்யூஆர் நேரே அங்கே கூட்டிப்போகும். டிக்கெட்டை விற்றவரே சார்ட்டும் கொண்டுவருவது போன்றது இது. அதனால் க்யூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் முகவரியைத் தட்டும் முன் வாசியுங்கள்.

```
https://verify.example.com/7K2M9Q
https://example.com.verify.test/7K2M9Q
```

நிறுவனத்தின் தளம் example.com என்று வைத்துக்கொண்டால், முதல் வரி அதனுடையது. இரண்டாவது இல்லை. இரட்டைச் சாய்கோட்டுக்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடி, அதற்குச் சற்று முன்னால் இருப்பதைப் படியுங்கள். உரிமையாளர் பெயர் அங்கேதான் இருக்கும். இரண்டாவது வரியின் சொந்தக்காரர் verify.test. முன்னால் example.com என்று வருவது கண்ணை ஏமாற்றத்தான். சந்தேகமாக இருந்தால் க்யூஆரையே விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, அங்கு சரிபார்க்கும் பக்கத்தில் எண்ணைக் கையால் போடுங்கள். சில நிறுவனங்கள் சரிபார்ப்பை வேறொரு சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும், முகவரியும் வேறாக இருக்கும். அப்படியானால் அந்த முகவரி பற்றி நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

சரிபார்க்க எண் மட்டும்தான் தேவை, சில இடங்களில் உங்கள் போன் நம்பரும் கேட்பார்கள். ஓடிபி, வங்கி விவரம், யூபிஐ பின் கேட்டாலோ, "பரிசு விழுந்திருக்கிறது" என்றாலோ, ஒரு ஆப் கோப்பை இறக்கச் சொன்னாலோ அது சரிபார்க்கும் பக்கமே அல்ல.

பதிலை வாசிப்பது

நல்ல முறையாக இருந்தால் பதில் வெறும் டிக்கோடு நிற்காது. இப்படி இருக்கும்:

```
GENUINE
Product : Whey 1 kg Chocolate
Batch   : WC2504
Check   : 1
```

டப்பாவில் உள்ளது 1 கிலோ சாக்லேட்தானா, பேட்ச் WC2504-தானா என்று பாருங்கள். 2 கிலோ வெனிலா டப்பாவில் இந்தப் பதில் வந்தால், எண் அசல், டப்பா அதற்குரியதல்ல. விவரம் எதுவும் சொல்லாமல் "அசல்" என்ற ஒரே சொல்லைத் தரும் பக்கத்துக்குக் குறைந்த மதிப்பே தரலாம். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: எண்ணில் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் "அசல்" என்றால் அந்தப் பக்கம் போலி.

எண் கிடைக்கவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். 0 என்ற எண்ணும் O என்ற எழுத்தும், 1-ம் I-யும், 8-ம் B-யும் மாறியிருக்கலாம்; படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மறுபடி போடுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கு என்று தயாரான பொருள் இந்தியப் பக்கத்தில் கிடைக்காமல் போகலாம். சரக்கு புதிதென்றால் எண்கள் இன்னும் பதிவேட்டில் ஏறாமலும் இருக்கலாம். கவனமாக இருமுறை போட்டும் வரவில்லை என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேட்ச் எண்ணோடு கேட்க வேண்டியதுதான்.

மூன்றாவது பதில்தான் பலரைக் குழப்புவது:

```
ALREADY CHECKED
First check : 12-03-2025 19:42
Count       : 17
```

இங்கே தேதியைப் பாருங்கள். முதல் சரிபார்ப்பு இரண்டு நிமிடத்துக்கு முன், எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ என்றால் அது நீங்களோ வீட்டில் இன்னொருவரோ செய்ததுதான். வாங்கியது ஏப்ரல் 2, முதல் சரிபார்ப்பு மார்ச் 12, அதுவும் 17 முறை என்றால் வேறு கதை. இப்போது பட்டையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டை ஏற்கெனவே கீறியிருந்தால், யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த பொருளாகவும் இருக்கலாம். பட்டை கீறாமல் இருந்து, நீங்கள்தான் முதலில் சுரண்டினீர்கள் என்றால் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. யாரும் பார்த்திராத எண்ணை யாரோ 17 முறை கேட்டிருக்கிறார்கள். அந்த எண் வேறு ஸ்டிக்கர்களிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

கோடுக்கு எட்டாதவை

எண் ஸ்டிக்கரைப் பற்றித்தான் பேசுகிறது, உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி அல்ல. காலி டப்பாவில் வேறு பவுடரை நிரப்பினாலும், பட்டை கீறாமல் இருந்தால் பதில் "அசல், முதல் முறை" என்றே வரும். அதனால்தான் மூடிக்கு அடியில் வாயை மூடி ஒட்டியிருக்கும் ஃபாயிலையும் பார்க்கிறோம். தீர்ந்த டப்பாவை எடைக்குப் போடும் முன் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவதும், சுரண்டாத பட்டை இருந்தால் சுரண்டிவிடுவதும் இதற்காகத்தான். இன்சுலின் போன்ற மருந்து வழியில் வெயிலில் கிடந்து கெட்டிருந்தாலும் எண்ணுக்கு அது தெரியாது.

சந்தேகம் உறுதியானால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பில், ஸ்டிக்கரோடு உள்ள டப்பா, சுரண்டிய எண்ணின் படம், திரையில் வந்த பதிலின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நேரமும் முழு முகவரியும் தெரிய வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த எண் எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்று அவர்களால் பார்க்க முடியும். மருந்தாக இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு, உள்ளே இருப்பது மருந்தா மாவா என்பதை அந்த ஆய்வகம்தான் சொல்லும்.